ஃபர்னிச்சர் லிஸ்ட்டின் பூர்வீகம்

மும்பையில் ஃபர்னிஷ்டு வீடு எடுத்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமெண்டில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக் களைத்துப்போன பிறகு, கடைசியில் ஒரு அரைப்பக்கப் பட்டியல் வரும். ஃபேன் 4, ட்யூப்லைட் 5, கீஸர் 1, ஃப்ரிட்ஜ் 1, சோபா செட் 1, கட்டில் மெத்தையுடன் 2. பெரும்பாலும் பெயர், எண்ணிக்கை என்று இரண்டு கட்டங்களோடு முடிந்துவிடும். மிஞ்சிப்போனால் கீழே "எல்லாம் நல்ல நிலையில் உள்ளன" என்று ஒரு வரி. வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, 11 மாதமா 33 மாதமா என்றெல்லாம் மல்லுக்கட்டும் நம் மக்கள் இந்தத் தாளைப் படித்துப் பார்ப்பதே இல்லை. காலி செய்யும் அன்றுதான் டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பது என்று இந்தத் தாளை வைத்துக்கொண்டு பேச்சு ஆரம்பிக்கும்.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். நான் படித்தது பி.காம்., வக்கீல் இல்லை. ஆனால் வங்கியில் இருபது வருஷமாக அடமானப் பத்திரங்களையும் குத்தகைப் பத்திரங்களையும் புரட்டிப் புரட்டி, பின்னிணைப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்ற புத்தி மட்டும் வந்திருக்கிறது. தோண்டியதில் முதலில் அகப்பட்டது ஒரு மூட்டைப்பூச்சி!

இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற கடற்கரை ஊர். சீசனுக்குப் போகிறவர்கள் மேசை நாற்காலி கட்டில் சகிதம் வீட்டை வாரக் கணக்கில் எடுப்பது அங்கே வழக்கம். 1842-ல் சர் தாமஸ் மாராபிள் என்பவர் அப்படி ஒரு வீட்டை வாரம் 8 கினி என்று 5 வாரத்துக்குப் பேசிக் குடிவந்தார். வந்து படுத்தால் வீடு முழுக்க மூட்டைப்பூச்சி. ஒரு வார வாடகையைக் கொடுத்துவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மீதி வாடகை கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். 1843-ல் தீர்ப்பு வாடகைக்காரர் பக்கம் வந்தது. ஃபர்னிச்சரோடு ஒரு வீட்டை விடுகிறவர், அது குடியிருக்கத் தகுந்தது என்று சொல்லாமலே உறுதி கொடுக்கிறார், அது பொய்த்தால் குடிவந்தவர் வெளியேறலாம் என்றது நீதிமன்றம்.

இதில் பெரிய விஷயம் இருக்கிறது. அதே வருஷம் வந்த இன்னொரு வழக்கில், ஃபர்னிச்சர் இல்லாத வெறும் வீட்டுக்கு இந்த உறுதி கிடையாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் வீடு என்றால் நீயே பார்த்துத்தானே எடுத்தாய், உன்பாடு! அப்படியானால் கட்டிலும் நாற்காலியும் வந்ததும் மட்டும் சட்டம் ஏன் மாறுகிறது? நீதிபதிகளில் ஒருவரான அபிங்கர் பிரபு பின்னர் ஒரு விளக்கம் தந்தார். ஃபர்னிச்சரோடு விடுவது கலப்பு ஒப்பந்தம். ஒரு பாதி நிலம், கட்டடம். மறுபாதி பொருள்களை வாடகைக்குத் தருவது. பொருளை வாடகைக்குத் தருகிறவன் அந்தப் பொருள் உபயோகப்படும்படி இருக்கிறதா என்று பார்த்துத்தான் தரவேண்டும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுக்கிறோம், அண்டாவில் ஓட்டை இருந்தால் சும்மா விடுவோமா? அந்த நியாயம்தான்.

ஆக, நம் அக்ரிமெண்டின் முன்பக்கங்கள் ஒரு ஒப்பந்தம், அந்தக் கடைசி அரைப்பக்கம் இன்னொரு ஒப்பந்தம். இரண்டையும் ஒரே பின் போட்டுக் குத்தியிருக்கிறார்கள்.

அடுத்து வந்த காலத்தில் இந்த இரண்டாவது ஒப்பந்தத்தை வீட்டுக்காரர்கள் வேறொரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். முதல் உலகப்போர் நடந்த 1915-ல் இங்கிலாந்தில் வாடகையை ஏற்றக்கூடாது என்று சட்டம் வந்தது. ஆனால் வாடகையில் ஃபர்னிச்சருக்கான தொகையும் சேர்ந்திருந்தால் அந்த வீட்டுக்குச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கு. உடனே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். நாலு பழைய சாமானை வீட்டுக்குள் போட்டு, அதை ஒரு பட்டியலாக எழுதி ஒட்டிவிட்டால் வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை. கடைசியில் 1923-ல் சட்டத்தையே திருத்தவேண்டி வந்தது. ஃபர்னிச்சருக்கான பங்கு மொத்த வாடகையில் கணிசமாக இருக்கவேண்டும், அதையும் குடியிருப்பவருக்கு அந்தப் பொருளால் என்ன பிரயோஜனம் என்று பார்த்துக் கணக்கிடவேண்டும் என்றார்கள். 'கணிசம்' என்றால் எவ்வளவு என்ற சண்டை 1948-ல் பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. ஃபர்னிஷ்டு வீடுகளுக்கு அங்கே முழுப் பாதுகாப்பு கிடைக்க 1974 ஆனது.

நம் ஊரில் சட்டம் எழுதியவர்கள் இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்கள் என்று நினைக்கிறேன். 1947-ன் பம்பாய் வாடகைச் சட்டத்தை எடுத்தால், 'கட்டடம்' என்பதன் விளக்கத்திலேயே வீட்டுக்காரர் உபயோகத்துக்குக் கொடுத்த ஃபர்னிச்சரும் அடக்கம் என்று போட்டுவிட்டார்கள். 1958-ன் டில்லிச் சட்டம், 1960-ன் சென்னைச் சட்டம் இரண்டிலும் அதே கதைதான். கட்டில் போட்டேன், மேசை போட்டேன் என்று சொல்லி இங்கே தப்பிக்க முடியாது.

பம்பாய் வீட்டுக்காரர்கள் அதனால் வேறு கதவைத் தேடினார்கள். குத்தகை என்று எழுதினால்தானே வாடகைச் சட்டம்? 'என் வீட்டை உபயோகிக்க அனுமதி மட்டும் தருகிறேன்' என்று எழுதுவோம், அதற்கு லீவ் அண்ட் லைசென்ஸ் என்று பெயர் வைப்போம். இந்த வழியில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது 1973-ல் சட்டசபை ஒரு குண்டு போட்டது. அந்த வருஷம் பிப்ரவரி 1-ம் தேதி அன்று செல்லுபடியாகும் லைசென்ஸில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் இனி வாடகைதாரர்கள். ஒரே நாளில் விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்ட மாதிரிதான். அதற்குப் பிறகு பயந்துபோய் வீட்டைப் பூட்டியே வைத்தவர்கள் ஏராளம். மாட்டுங்கா பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள்.

பூட்டு திறந்தது 1999-ன் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால். 2000 மார்ச் 31-ல் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் காலம் முடிந்ததும் வீட்டைத் திரும்பப் பெற ஓனருக்கு விரைவான வழி கிடைத்தது. (பெரிய கம்பெனிகள், வங்கிகள் எடுக்கும் வீட்டுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பே கிடையாது. எங்களைப் பார்த்தால் பாவமாக இல்லை போலிருக்கிறது :-) )

அந்தச் சட்டத்தின் இரண்டு விஷயங்கள் நம் பட்டியலைத் தொடுகின்றன. ஒன்று, 24-வது பிரிவு. வீட்டைத் திரும்பக் கேட்கும் வழக்கில், எழுத்தில் இருக்கும் லைசென்ஸ் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுவே முடிந்த முடிவான சாட்சி. டெபாசிட் தகராறு வேறு வழக்குதான், என்றாலும் எழுத்துக்கு இங்கே எவ்வளவு எடை என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு, 55-வது பிரிவு. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் பொறுப்பு ஓனருடையது. பதிவு செய்யாவிட்டால், நிபந்தனைகள் என்ன என்பதில் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும், ஓனர் மாற்றி நிரூபிக்கும்வரை. தனித்தாளில் கிறுக்கிய லிஸ்ட்டையும், பதிவான ஒப்பந்தத்துக்குள் இருக்கும் லிஸ்ட்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

சரி, ஃப்ரிட்ஜ் செத்துப்போனால் யார் கொடுப்பது? வாசகர்களுக்கு வேண்டியது இதுதான் என்று தெரியும், வந்துவிட்டேன்.

இதற்கு வேர் 1872-ன் ஒப்பந்தச் சட்டம். பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைப்பதைப் பற்றி அதில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. பெய்ல்மெண்ட் என்பார்கள். பொருளை வாங்கியவர் தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகி எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். அதன் பிறகும் கெட்டுப்போனால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பில்லை. இதற்கு மறுபக்கம் 150-வது பிரிவு. வாடகைக்குக் கொடுத்த பொருளில் ஏற்கெனவே கோளாறு இருந்து, அதனால் வாங்கியவருக்குச் சேதம் வந்தால் கொடுத்தவர்தான் பொறுப்பு. கோளாறு தனக்குத் தெரியாது என்று அவர் தப்பிக்க முடியாது. பிரைட்டன் மூட்டைப்பூச்சியின் வாரிசு இது. அதோடு 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம், குத்தகைக்காரர் வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லிவிட்டு, நியாயமான தேய்மானத்தை விலக்கி வைக்கிறது. லைசென்ஸ் என்பது குத்தகை இல்லை என்றாலும், இந்தத் தேய்மான வாசகத்தை அப்படியே பெயர்த்து எல்லா லைசென்ஸ் ஒப்பந்தத்திலும் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

"தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை" என்றேன் அல்லவா? அந்த வேறு ஒப்பந்தம்தான் லிஸ்ட்டின் அடியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கும்.

எங்கள் கிளையில் வேலைபார்த்த தம்பி ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். தாணேயில் ஃபர்னிஷ்டு வீடு. லிஸ்ட்டில் "ஃப்ரிட்ஜ் 1, நல்ல நிலை, சேதமானால் புதியது வாங்கித் தரவேண்டும்" என்று இருந்தது. 14-வது மாதம் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு கேஸ் லீக் என்றார். கம்ப்ரசர் வயதாகி நின்றிருந்தால் அது தேய்மானம், ஓனர் கணக்கு, பேச்சே இல்லை. இது அப்படியில்லை. ஃப்ரீசர் தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை. கட்டிதட்டிப்போன ஐஸைக் கத்தியால் பெயர்த்தால் வருவது. ஓட்டையைச் சுற்றிக் கீறல் இருக்கும், துருவோ அரிப்போ இருக்காது. அதை வைத்துத்தான் தானாகப் போனதா நாம் போக்கினதா என்று கண்டுபிடிப்பார்கள். ஓனர் 1,00,000 ரூபாய் டெபாசிட்டிலிருந்து புது ஃப்ரிட்ஜ் விலை 32,000-ஐக் கழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, கையெழுத்துப் போட்டுட்டேனே, குடுத்துத்தான் ஆகணுமா?" என்று வந்து நின்றார் தம்பி.

ஆகவேண்டியதில்லை. அதே 1872 சட்டத்தின் 74-வது பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாலும் அது உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான நஷ்ட ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். ஓனருக்கு நஷ்டம் எவ்வளவு? அவர் இழந்தது புது ஃப்ரிட்ஜை இல்லை, 5 வருஷம் ஓடிய ஃப்ரிட்ஜை. பில்லைக் கேட்டோம், 24,000. வருமான வரிக் கணக்கில் மேசை நாற்காலிக்கு 10 சதவீதம், இயந்திரங்களுக்கு 15 சதவீதம் என்று ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் மதிப்பின்மேல் தேய்மானம் போடும் முறை எங்களுக்கெல்லாம் மனப்பாடம். அதையே இங்கும் போட்டோம். 24,000-ல் 15 சதவீதம் போனால் முதல் வருஷ முடிவில் 20,400, அடுத்து 17,340, பிறகு 14,739, 12,528, ஐந்தாம் வருஷ முடிவில் சுமார் 10,650. இந்தக் கணக்குதான் சட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் மறுக்க முடியாத ஒரு கணக்கு வேண்டுமென்றால் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஓட்டையை அடைத்து கேஸ் நிரப்பும் செலவு இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் நஷ்டம். இந்த ஃப்ரிட்ஜில் அடைத்தாலும் நிற்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டதால் மதிப்புக் கணக்குக்கு வந்தோம்.

தம்பியின் மனைவி ஒன்று சொன்னார். "நான் கத்தி வச்சதே இல்ல சார், சாயங்காலமே ஆஃப் பண்ணி வச்சிடுவேன்." மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னோம். புது ஓட்டைக்குப் பக்கத்திலேயே பழைய ஓட்டை ஒன்று, எம்-சீல் வைத்து அடைத்தது, மஞ்சளாகிப் போயிருந்தது. முன்னால் குடியிருந்தவர் காலத்து வேலை. இப்போது "நல்ல நிலை" என்ற வார்த்தை ஓனருக்கே இடைஞ்சல். கொடுக்கும்போதே ஒட்டுப்போட்ட ஃப்ரிட்ஜை நல்ல நிலை என்று எழுதியிருக்கிறார். ஆனால் தம்பியும் அதைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். புது ஓட்டை யாரால் என்று இருவராலும் நிரூபிக்க முடியாது. 10,650-ல் பழைய ஃப்ரிட்ஜுக்குக் கடையில் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் 2,000 போக 8,650, அதில் பாதி 4,325. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசி 4,500-க்கு முடிந்தது. ஓனர் நல்ல மனிதர்தான், அவருக்கும் யாரோ கொடுத்த பழைய ஃபார்ம்தான் அது.

அந்த லிஸ்ட்டில் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வாங்கிய வருஷம், ஏற்கெனவே இருக்கும் கீறலும் ஒட்டும், ரிப்பேர் யார், மாற்றுவது யார் என்று எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். சீரியல் நம்பரைச் சும்மா சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் காலி செய்யும்போது இருப்பது அதே கீஸர்தானா என்பதைக்கூடச் சாதிக்க முடியாது. "நல்ல நிலை" என்ற சொல்லையே நான் லிஸ்ட்டில் அனுமதிப்பதில்லை. "ஓடுகிறது, கதவில் 2 அங்குலக் கீறல், கீழ்த் தட்டு உடைந்தது" என்று எழுதினால்தான் அது நிலை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இங்கே வாடகைக்காரர், சென்னையில் ஓனர். அங்கே ஒரு ஃப்ளாட்டை வாங்கி, அம்மா அப்பா காலத்துச் சாமானோடு வாடகைக்கு விட்டிருப்போம். தமிழ்நாட்டில் 1960 சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை எந்த ரிப்பேர் யாருடையது என்று பங்கு பிரிக்கிறது. சுவரும் வெள்ளையடிப்பும், கதவு ஜன்னல் பெயிண்ட்டும், குழாய் மாற்றுவதும், வயரிங்கும் வீட்டுக்காரருக்கு. டாப் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, சமையலறைச் சாமான், கீஸர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய இதுதான் பங்கு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே அட்டவணை. மகாராஷ்டிரத்தின் 1999 சட்டத்தில் இப்படி ஒரு பங்குப் பட்டியல் கிடையாது.

அதாவது, ஒரே கீஸர், ஒன்றும் எழுதாமல் விட்டால் சென்னையில் ரிப்பேர் குடியிருப்பவர் தலையில், தாணேயில் பேச்சுவார்த்தையில். சென்னையில்கூட அட்டவணை சொல்வது ரிப்பேரை. கல் உப்பு படிந்து காயில் போனால் மாற்றுவது ரிப்பேர். பத்து வருஷமாகி டாங்க்கே அரித்து ஒழுகினால் அதைப் புதிதாக வாங்குவதும் ரிப்பேர்தானா? என் வாசிப்பில் இல்லை, அது தேய்மானம். ஆனால் என் வாசிப்பை நம்பி ஊர் ஃப்ளாட்டில் வம்பை வளர்ப்பானேன்? போன தடவை அக்ரிமெண்ட் புதுப்பித்தபோது கீஸருக்கு நேரே இரண்டு வரி சேர்த்துவிட்டேன். காயில், தெர்மோஸ்டாட் அவர்கள் செலவு, டாங்க் என் செலவு. குடியிருக்கும் பிள்ளைகள் படித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், சோபாவுக்கும் இந்த மாதிரி எழுதிடலாமே" என்றார்கள். எழுதினோம். மெத்தை அமுங்கினால் என் கணக்கு, இஸ்திரிப் பெட்டி சுட்டால் அவர்கள் கணக்கு.